மைனஸ் ஒன்றை ஏன் அடித்தீர்கள்? முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாணவர்களே,

போன வாரத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். தேர்வு முடிந்த அன்று கேன்டீனில் உங்களில் நான்கைந்து பேர் என் மேசைக்கு வந்து மூன்றாவது கேள்வியைப் பற்றிக் கேட்டீர்கள். வகுப்பில் ஆங்கிலத்தில் பேசும் நாம் அன்று தமிழில் பேசினோம். பேச்சு சூடுபிடிக்கும்போது அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து இங்கே எழுதுகிறேன். அந்தக் கேள்வி லாகரிதம் பற்றியது. தமிழில் அதற்கு மடக்கை என்று பெயர். நீங்களும் நானும் லாக் என்றே சொல்லிப் பழகியவர்கள் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

அந்த மூன்றாவது கேள்வி இது:

log₂(1 − x) + log₂(3 − x) = 3

உங்களில் பெரும்பாலோர் செய்த வேலை அழகாகவே இருந்தது. இரண்டு லாக்கையும் கூட்டினால் உள்ளே இருப்பவை பெருக்கலாகும். அதனால் log₂[(1 − x)(3 − x)] = 3. லாக்கை எடுத்துவிட்டால் (1 − x)(3 − x) = 2³ = 8. விரித்து எழுதினால் x² − 4x + 3 = 8, அதாவது x² − 4x − 5 = 0. காரணிப்படுத்தினால் (x − 5)(x + 1) = 0. ஆகவே x = 5 அல்லது x = −1.

இதுவரை ஒரு தவறும் இல்லை. இதற்கு அடுத்த வரியில்தான் பலர் x = −1 ஐக் கோடு போட்டு அடித்துவிட்டு, x = 5 ஐச் சுற்றிக் கட்டம் போட்டிருக்கிறீர்கள். சிலர் பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தீர்கள்: லாக்கில் குறை எண் வராது.

கேன்டீனில் ஒரு மாணவி கேட்டதும் இதைத்தான். "சார், மைனஸ் வந்தா லாக்ல தூக்கிடணும்தானே? செகண்டரியில அப்படித்தானே செஞ்சோம்?"

நான் அவரிடம் சொன்னேன்: "அந்த மைனஸ் ஒன்றைக் கேள்வியில் வைத்துப் பாரும்மா."

அவர் டிஷ்யூ பேப்பரில் எழுதினார். x = −1 என்றால் 1 − (−1) = 2. 3 − (−1) = 4. log₂ 2 என்பது 1, log₂ 4 என்பது 2. இரண்டையும் கூட்டினால் 3. எழுதிவிட்டு அப்படியே பேனாவை வைத்துவிட்டார். பிறகு நான் கேட்காமலே 5 ஐயும் வைத்துப் பார்த்தார். 1 − 5 = −4. 3 − 5 = −2. log₂(−4) என்று ஒன்று கிடையாது. சரியான விடையை அடித்துவிட்டுப் பொய்யான விடைக்குக் கட்டம் போட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

குறை எண் வரக்கூடாது என்ற விதி எங்கே பொருந்தும் என்பதுதான் இங்கே குழம்பியிருக்கிறது. log₂ 8 = 3 என்று எழுதும்போது, 2 ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 8 கிடைக்கும் என்று கேட்கிறோம். 2 ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் மிகை எண்தான் வரும். 2 இன் அடுக்கு −3 என்றாலும் ⅛ வருமே தவிர, சுழியோ அதற்குக் கீழேயோ வராது. அதனால் லாக்கின் அடைப்புக்குறிக்குள் நிற்கும் எண் மிகையாக இருந்தாக வேண்டும். விதி அந்த அடைப்புக்குறிக்கு உரியது. x குறை எண்ணாக இருக்கலாம், சுழியாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். லாக் சொல்லும் விடையும் குறை எண்ணாக இருக்கலாம். log₁₀ 0.01 = −2 என்பதில் ஒரு பிழையும் இல்லை. உள்ளே விழும் எண்ணை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் செய்த கணக்குகளில் பெரும்பாலும் log x, log(x − 2) என்றே இருந்திருக்கும். அங்கே x குறை எண் என்றால் உள்ளே விழுவதும் குறை எண்தான். அதனால் குறுக்குவழி பலித்தது. அந்தக் குறுக்குவழியை ஒரு காலத்தில் நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நேரம் மிச்சமாகும் என்று. அது எவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது என்பதைப் பிறகு தாள்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

இனி, தாள்களில் நான் கண்ட இன்னொன்று. உங்களில் சிலர் சரிபார்க்கவும் செய்திருக்கிறீர்கள். சரிபார்த்த பிறகும் 5 தான் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். ஒருவர் தாளில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

(1 − 5)(3 − 5) = (−4)(−2) = 8 ✓

கணக்கு சரி. டிக்கும் சரி. ஆனால் அவர் விடையை வைத்துப் பார்த்த இடம் தவறு. அவர் பிரதியிட்டது கேள்வியில் இல்லை, வழியில் தானே எழுதிய மூன்றாவது வரியில். பொய்யான விடை பிறந்ததே அதற்கு முந்தைய வரியில்தான். இரண்டு லாக்கைச் சேர்த்து ஒரே லாக்காக எழுதியபோது, (1 − x), (3 − x) இரண்டும் தனித்தனியே மிகையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நழுவிவிட்டது. மிஞ்சியது, இரண்டின் பெருக்கல் 8 ஆக இருந்தால் போதும் என்பது மட்டும். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் அல்லவா? −4, −2 என்ற இரண்டு தகாத எண்களும் கைகோத்துக்கொண்டு 8 என்ற நல்ல எண்ணாக உள்ளே வந்துவிட்டன. அந்த வரியைக் கேட்டால் 5 சரி என்றுதான் சொல்லும். அதற்கு அடுத்து வரும் எல்லா வரிகளும் அதையே சொல்லும். x² − 4x − 5 இல் 5 ஐ வைத்தால் 25 − 20 − 5 = 0 என்று அழகாக வரும். இருபடிச் சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தீர்களா என்பதற்கு அது சாட்சி. லாக் கேள்விக்கு அது சாட்சி ஆகாது.

ஆகவே விடையைக் கேள்வித்தாளில் அச்சாகியிருக்கும் முதல் வரியிலேயே வைத்துப் பாருங்கள். வைக்கும்போதும் லாக்கைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு அடைப்புக்குறியிலும் என்ன எண் விழுகிறது என்று மட்டும் முதலில் எழுதுங்கள். x = 5: −4, −2. இங்கேயே நிறுத்தலாம், விடை போய்விட்டது. x = −1: 2, 4. இரண்டும் மிகை, மேலே போகலாம், 1 + 2 = 3. இவ்வளவுதான் எழுத வேண்டியது. கால்குலேட்டர்கூட வேண்டாம்.

இந்தப் பிரதியிடும் முறையால் முடியாதது ஒன்று உண்டு. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டிக் விழுந்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவீர்கள். கையில் இருக்கும் விடை பொய்யா என்று அது சொல்லும். கைக்கே வராமல் போன விடையைப் பற்றி அதற்குத் தெரியாது.

log₁₀(x − 3)² = 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வர்க்கம் அடைப்புக்குறிக்குள் இருப்பதற்கு உரியது. பலர் பார்த்தவுடன் 2 ஐ முன்னால் இழுத்து 2 log₁₀(x − 3) = 2 என்று எழுதுவார்கள். பிறகு log₁₀(x − 3) = 1, x − 3 = 10, x = 13. கேள்வியில் வைத்துப் பார்த்தால் (13 − 3)² = 100, log₁₀ 100 = 2, டிக். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் x = −7 என்று இன்னொரு விடை இருக்கிறது. (−7 − 3)² = (−10)² = 100, அதன் லாக்கும் 2 தான். 2 ஐ முன்னால் இழுத்தபோது x − 3 மிகையாக இருக்க வேண்டும் என்று நீங்களே ஒரு புது நிபந்தனையைப் போட்டுவிட்டீர்கள். அது −7 ஐ வெளியே தள்ளிவிட்டது. மூன்றாவது கேள்வியில் நடந்ததற்கு நேர் எதிர். அங்கே லாக்குகளைச் சேர்த்தபோது நிபந்தனை தளர்ந்து பொய் விடை உள்ளே வந்தது. இங்கே நிபந்தனை இறுகி மெய் விடை வெளியே போனது. அதனால் உள்ளே இரட்டைப்படை அடுக்கு இருந்தால் அதை இழுக்காதீர்கள். நேராக (x − 3)² = 100 என்று எழுதினால் x − 3 = 10, x − 3 = −10 என்று இரண்டும் தாமாகவே வந்து நிற்கும்.

அடுத்து, ஆறாவது கேள்வி. இதில்தான் உத்தேசக் கணக்கு கைகொடுக்கிறது.

ஆண்டுக்கு 2.5 விழுக்காடு கூட்டு வட்டி. 10,000 வெள்ளி எத்தனை ஆண்டில் 15,000 வெள்ளி ஆகும்? 2.5 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்குக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச வட்டி அதுதான். உங்கள் அப்பா அம்மா வீட்டுக் கடன் கட்டுவது பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்துதான். அதில் கிடைக்கும் கூடுதல் வட்டியை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் 2.5 என்றே கணக்குப் போடுவோம்.

சமன்பாடு எளிது. 10,000 × 1.025ⁿ = 15,000. அதாவது 1.025ⁿ = 1.5. இரண்டு பக்கமும் லாக் எடுத்தால் n = log 1.5 ÷ log 1.025.

இங்கே வந்ததும் எல்லாருடைய கையும் கால்குலேட்டருக்குப் போகிறது. போகட்டும். ஆனால் அதற்கு முன்னால் அரை நிமிடம் வெள்ளியைப் பற்றி மட்டும் யோசித்துப் பாருங்கள், லாக்கை மறந்துவிடுங்கள். முதல் ஆண்டு வட்டி எவ்வளவு? 10,000 இல் 2.5 விழுக்காடு, 250 வெள்ளி. கடைசியில் பணம் 15,000 ஐ நெருங்கும்போது ஓர் ஆண்டு வட்டி எவ்வளவு? 15,000 இல் 2.5 விழுக்காடு, 375 வெள்ளி. இடையில் எந்த ஆண்டிலும் வட்டி 250 க்குக் குறையாது, 375 ஐத் தாண்டாது. நமக்கு வேண்டியது மொத்தம் 5,000 வெள்ளி வட்டி. ஆண்டுக்கு 250 வீதம் வந்தால் 20 ஆண்டு ஆகும். 375 வீதம் வந்தால் 13 ஆண்டுக்குச் சற்று மேல். ஆக விடை 13 க்கும் 20 க்கும் நடுவில் இருந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. நடுத்தரமாக 312 வெள்ளி என்று எடுத்தால் ஏறக்குறைய 16. இதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்: 13 முதல் 20, சுமார் 16.

இனிக் கால்குலேட்டரை எடுக்கலாம். உங்களிடம் உள்ள வரைபடக் கால்குலேட்டரில் லாக் பொத்தானை அமுக்கினால் திறந்த அடைப்புக்குறியும் கூடவே விழும். மூடுவது உங்கள் வேலை. அதை மறந்தால் அது திட்டாது, பிழை என்றும் சொல்லாது. கடைசியில் தானே மூடிக்கொண்டு ஒரு விடையைக் கொடுத்துவிடும். ஒரே கணக்கு, இரண்டு விதமாக:

```
log(1.5)/log(1.025)    16.4205
log(1.5/log(1.025      2.1457
```

இரண்டாவது வரியில் 1.5 க்குப் பிறகு அடைப்பு மூடவில்லை. அதனால் 1.5 ஐ log 1.025 ஆல் வகுத்து, வந்ததற்கு மறுபடியும் ஒரு லாக் எடுத்திருக்கிறது. உங்கள் தாள்களில் 2.15 ஆண்டு என்ற விடையைப் பல இடங்களில் பார்த்தேன். இரண்டே ஆண்டில் பத்தாயிரம் பதினைந்தாயிரம் ஆகுமா? தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வரும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் ஆகாது என்று சொல்லிவிடுவார். ஆனால் திரையில் நான்கு தசம இடத்தோடு ஓர் எண் வந்ததும், நாம் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். ஓரத்தில் 13 முதல் 20 என்று எழுதியிருந்தால் 2.15 ஐப் பார்த்தவுடன் கை நின்றிருக்கும்.

இதே வேலி வேறு தவறுகளையும் பிடிக்கும். log 1.5 − log 1.025 என்று கழித்தவர்களுக்கு 0.165 வந்திருக்கும். மேலே கீழே மாற்றி வகுத்தவர்களுக்கு 0.061. மேலே ln, கீழே log என்று கலந்து போட்ட ஒருவருக்கு 37.8 வந்திருந்தது. மேலும் கீழும் ஒரே அடிமானம் என்றால் எந்த லாக்கை எடுத்தாலும் விடை மாறாது. கலந்தால் மட்டும் 2.303 மடங்கு தள்ளிப்போகும். இவை எல்லாமே 13 முதல் 20 என்ற வேலிக்கு வெளியே நிற்கின்றன.

வேலிக்குள்ளேயே நிற்கும் தவறு ஒன்றும் வந்தது. அதைப் பிடிக்கத்தான் மறுபடியும் பிரதியிட வேண்டும். மூன்று பேர் 18 ஆண்டு என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் log 1.5 = 0.18 என்றும் log 1.025 = 0.01 என்றும் இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி எழுதிக்கொண்டு, பிறகு வகுத்திருக்கிறார்கள். 0.18 ÷ 0.01 = 18. வேலியைக் கேட்டால், 18 என்பது 13 க்கும் 20 க்கும் நடுவில்தான், போகலாம் என்றுதான் சொல்லும். உத்தேசக் கணக்குக்கு அவ்வளவுதான் கண் தெரியும்.

சரி, 18 ஐக் கேள்வியில் வைப்போம். 10,000 × 1.025¹⁸ = 15,597 வெள்ளி. வர வேண்டியது 15,000. 597 வெள்ளி அதிகம். இது சிறிய தவறா பெரிய தவறா என்று எப்படிச் சொல்வது? அதற்கும் அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஓர் ஆண்டு வட்டி 375 வெள்ளி என்று பார்த்தோம். 597 வெள்ளி என்றால் ஒன்றரை ஆண்டுக்கும் மேலே தப்பியிருக்கிறோம். இது சுருக்கியதால் வந்த சில்லறை வித்தியாசம் என்று விட முடியாது. உண்மையில் log 1.025 என்பது 0.010724. அதை 0.01 என்று எழுதியபோது 7 விழுக்காடு போய்விட்டது. கீழே இருக்கும் எண் அவ்வளவு சிறியதாக இருக்கும்போது இரண்டாவது தசம இடத்தில் வெட்டுவது அதன் கழுத்திலேயே வெட்டுவது போல. முழு வகுத்தலையும் ஒரே வரியில் கால்குலேட்டரில் போட்டு, கடைசியில் ஒருமுறை மட்டும் சுருக்குங்கள்.

இப்போது 16.42 ஐ வைத்துப் பார்ப்போம். 10,000 × 1.025^16.42 = 14,999.81. பத்தொன்பது காசு குறைகிறது. இதைப் பார்த்து ஒரு மாணவர், சரியாக 15,000 வரவில்லை என்பதால் தன் விடையையே அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்திருந்தார். நேரம் போனதுதான் மிச்சம். இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கிய விடையில் அதிகபட்சம் 0.005 ஆண்டு பிசகு இருக்கலாம். ஓர் ஆண்டுக்கு 375 என்றால் 0.005 ஆண்டுக்கு ஏறக்குறைய 2 வெள்ளி. அதனால் 15,000 க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 2 வெள்ளிக்குள் இருந்தால் விடை சரி. அதற்கு மேலே போனால் தேடுங்கள். 16.4 என்று ஒரு தசம இடத்தோடு நிறுத்தியிருந்தால் 14,992 வரும், 8 வெள்ளி குறைவு. அந்தச் சுருக்கலுக்கு 19 வெள்ளி வரை இடமுண்டு என்பதால் அதுவும் சரியே.

18 என்று எழுதிய மூவரில் ஒருவர் சரிபார்த்தும் இருந்தார். அவர் செய்தது என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. அவர் வெள்ளிக் கணக்குக்குப் போகாமல் லாக் வரியிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்: 18 × log 1.025 = 0.193, log 1.5 = 0.176. இரண்டையும் சுருக்கி 0.19, 0.18 என்று எழுதி, நெருங்கி வந்துவிட்டது என்று டிக் போட்டிருக்கிறார். பார்ப்பதற்கு நெருக்கம்தான். நூறில் ஒரு பங்கு வித்தியாசம். ஆனால் அதே தவறு வெள்ளியில் 597 ஆக நிற்கிறது. லாக்கின் இயல்பு அது. பெரிய வித்தியாசங்களைச் சுருக்கிச் சின்னதாக்கிக் காட்டும். 100 க்கும் 1,000 க்கும் இடையே உள்ள தூரம் லாக்கில் 2 க்கும் 3 க்கும் இடையே அடங்கிவிடுகிறது. நில அதிர்வை அளக்கவும் அமிலத்தன்மையை அளக்கவும் அதனால்தான் லாக் வசதியாக இருக்கிறது. சரிபார்ப்புக்கு அதே குணம் எதிராக வேலை செய்கிறது, தவறையும் சேர்த்துச் சுருக்கிவிடும். கேள்வி வெள்ளியில் இருந்தால் வெள்ளியிலேயே சரிபாருங்கள். லாக் எடுப்பதற்கு முந்தைய வரியில், அடுக்கோடு இருக்கும் வடிவத்தில், தவறு தன் முழு உயரத்தில் எழுந்து நிற்கும்.

கேள்வியின் கடைசிச் சொற்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள். எந்த ஆண்டின் முடிவில் முதன்முதலாக 15,000 ஐத் தாண்டும் என்று கேட்டிருந்தால் 16.42 விடை ஆகாது, 16 உம் ஆகாது. ஆண்டு முடிவில் வட்டி சேர்வதாக வைத்தால் 16 ஆம் ஆண்டு முடிவில் 14,845 வெள்ளி, 17 ஆம் ஆண்டு முடிவில் 15,216 வெள்ளி. விடை 17. வழக்கம்போல அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சுருக்குபவர்கள் இங்கே தவறுவார்கள். இரண்டு ஆண்டுகளையும் வைத்துப் பார்த்தால் இது தானே தெரிந்துவிடும்.

கால்குலேட்டர் இல்லாமல் log 1.5 எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்று கேன்டீனில் ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமலே எழுந்து போய்விட்டேன். இரண்டே எண்கள் மனத்தில் இருந்தால் போதும்: log₁₀ 2 என்பது 0.301, log₁₀ 3 என்பது 0.477. முதலாவதை மனப்பாடம்கூடச் செய்ய வேண்டாம். 2 ஐப் பத்து முறை பெருக்கினால் 1,024, அது ஏறக்குறைய 1,000. 1,000 இன் லாக் 3. ஆக 2 இன் லாக் பத்தில் ஒரு பங்கு, 0.3. 1.5 என்பது 3 ஐ 2 ஆல் வகுத்தது, எனவே 0.477 − 0.301 = 0.176. முழு எண் பகுதியோ இன்னும் எளிது, இலக்கங்களை எண்ணினால் போதும். ஏழு இலக்க எண் என்றால் லாக் 6 இல் தொடங்கும். லாக் அட்டவணை வைத்துக் கணக்குப் போட்ட தலைமுறைக்கு இதைச் செய்யாமல் வழியில்லை. அட்டவணை தசமப் பகுதியை மட்டும்தான் கொடுக்கும், முன்னால் நிற்கும் முழு எண்ணை நாமேதான் எண்ணிப் போட வேண்டும். 15 க்கும் 1,500 க்கும் அட்டவணையில் ஒரே வரிதான். எண் எவ்வளவு பெரியது என்ற உணர்வு இல்லாமல் அவர்களால் ஒரு விடையும் எழுத முடியாது. நமக்கு இப்போது திரை எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவதால், அந்த உணர்வை ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை டியூட்டோரியலுக்கு இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்:

log₂ x + log₂(x − 2) = 3

log₂(x² − 2x) = 3

இரண்டும் ஒரே இருபடிச் சமன்பாட்டுக்குத்தான் வந்து சேரும், x = 4, x = −2 என்ற அதே இரண்டு எண்களைத்தான் கொடுக்கும். ஆனால் இரண்டுக்கும் விடை ஒன்றல்ல. எது ஏன் என்று விளக்கம் எழுத வேண்டாம். 4 ஐயும் −2 ஐயும் வைத்தால் ஒவ்வோர் அடைப்புக்குறியிலும் விழும் எண்ணை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் கணித விரிவுரையாளர்